அவர் சொல்லிக்கொடுத்த தொழிலில் அவரைத் தாண்டிவிட்டேன், இனி எப்படிப் பேசுவது?

"எனக்கு 37 வயது, கணவருக்கு 43. கரூரில் இருக்கிறோம். கல்யாணமானபோது அவர் 12 மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். எனக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கவுன்ட் பார்ப்பது, பிக் எண்ணுவது, பீஸ் செக் பண்ணுவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். அப்புறம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். 9 வருடத்தில் சீனியர் மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டேன். இந்த ஜனவரியில் கண்காட்சிக்காக ஃபிராங்க்ஃபர்ட் போய்வந்தேன். அவர் அதே 12 மெஷினோடு இருக்கிறார். என் வேலையைப் பற்றிப் பேசினால் அவருக்குப் புரியாது, டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். பிள்ளைகள் முன்னால் 'மேடம்' என்று கிண்டல் செய்கிறார். யூனிட்டை இப்படி மாற்றலாம் என்றால் அவருக்குப் புரியாது. பிள்ளைகள் படிப்பு, வெளியுலகம் என்று எதை எடுத்தாலும் அவருக்குப் புரியாது. உட்கார்ந்து பேசலாம் என்றால், 'எனக்கு ஒண்ணுமில்ல, நீதான் பெரிய ஆளாயிட்ட' என்று எழுந்து போய்விடுகிறார். நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டியதில்லை, என் சம்பளத்தில் ஒரு ரூபாய் கேட்டதில்லை. போன மாதம் வந்த சம்பள உயர்வை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலால் மூன்று இடங்களில் கோடு போட்டேன். மூன்றும் ஒரே வாக்கியம்: "அவருக்குப் புரியாது." உங்களுக்குத் துணியைக் கையில் எடுத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பிக் கிளாஸை வைத்துப் பார்க்க உங்களுக்குப் பழக்கியவருக்கு, ஷிப்மென்ட் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது புரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்குப் புரிகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு. அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவதை "புரியவில்லை" என்று எடுத்துக்கொண்டால், இன்னும் விளக்கமாகச் சொல்லத் தோன்றும். "கேட்க முடியவில்லை" என்று எடுத்துக்கொண்டால், கேட்க முடியாதபடி அதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பீர்கள். இந்த இரண்டாவது வழியில்தான் உங்களை அழைத்துப்போகப் போகிறேன்.

கல்யாணத்தின் முதல் வருடங்களில் எல்லாத் தம்பதிகளுக்குள்ளும் பேசாமலே ஓர் ஏற்பாடு உருவாகிவிடும். யார் முடிவெடுப்பது, யார் சமாதானம் செய்வது, யாருக்கு வெளியுலகம் தெரியும், யார் கேட்டுக்கொள்வது என்று. உங்கள் வீட்டில் அவர் சொல்லிக்கொடுப்பவர், நீங்கள் கற்றுக்கொள்பவர். அந்த ஏற்பாடு உங்கள் இருவருக்குமே பிடித்திருந்தது, இல்லாவிட்டால் நீங்கள் தொழிலை இவ்வளவு நன்றாகக் கற்றிருக்க மாட்டீர்கள். இந்த 9 வருடத்தில் எப்போதோ ஒரு நாள் அது முடிந்துபோயிற்று. எந்த நாள் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முடிந்துவிட்டது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஒருவர் வேகமாக மாறும் வீடுகளில் சண்டை சம்பளத்தைப் பற்றியது போலத் தெரியும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்த முடிந்துபோன ஏற்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். அவர் வருமானத்தில் பின்தங்கியதைவிட, உங்கள் வாழ்க்கையில் தனக்கிருந்த இடத்தை இழந்ததுதான் அவரை அதிகம் வாட்டும். "மேடம்" என்று கிண்டல் செய்யும்போது அவர் அந்த இடத்தைத்தான் தேடுகிறார் என்று எனக்குப் படுகிறது.

அவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதையும் பொய் என்று நினைக்காதீர்கள். கேட் ராட்லிஃப், ஷிகெஹிரோ ஓய்ஷி என்ற இரு உளவியலாளர்கள் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் செய்தது. தங்கள் துணைவியின் வெற்றியை நினைத்துப் பார்த்த ஆண்களிடம் நேரடியாகக் கேட்டபோது தங்களைப் பற்றிய மதிப்பு குறைந்ததாக அவர்கள் சொல்லவில்லை. ஆனால் மனதின் அடியில் இருப்பதை மறைமுகமாக அளக்கும் சோதனையில் அந்த மதிப்பு குறைந்திருந்தது. துணைவர் வெற்றி பெற்றபோது பெண்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. அது கரூரில் செய்த ஆய்வு இல்லை, எல்லா ஆண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை அது எனக்கு விளக்கியது. ஆலோசனைக்கு வந்து என் அறையில் உட்கார்ந்து "எனக்கு என்ன பொறாமையா? அவ சம்பாதிச்சா எனக்குத்தானே நல்லது" என்று மனப்பூர்வமாகச் சொல்லும் கணவர், அடுத்த ஐந்து நிமிடத்தில் மனைவியின் பேச்சை நான்கு முறை வெட்டுவார். அவர் நடிப்பதில்லை. தனக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்கே பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாததைப் பற்றி "வாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்றால் அவர் எழுந்துதான் போவார்.

இப்போது உங்கள் பக்கம். நீங்களும் ஒன்றை இழந்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் ஒரு பீஸில் யாரும் பார்க்காத பிசிரைக் கண்டுபிடித்துவிட்டால், முதலில் யாரிடம் காட்டியிருப்பீர்கள்? இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பையர் உங்கள் சாம்பிளைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார் என்றால், அதை யாரிடம் காட்டுகிறீர்கள்? சம்பள உயர்வை மறைத்து வைத்திருக்கிற பெண்ணுக்குக் கோபத்தைவிடத் தனிமை அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதை நான் ஊகித்துத்தான் சொல்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சரியாக இருந்தால், நீங்கள் அவரிடம் பேச வேண்டியது இதைத்தான். அவருடைய 12 மெஷினை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அந்த 12 மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். "அதே 12" என்று எழுதியிருக்கிறீர்கள். 2020 ஊரடங்கில் மூடிய யூனிட்டுகளை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கடுத்த இரண்டு வருடம் நூல் விலை ஏறி, ஆர்டர் குறைந்தபோது ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் பட்ட பாடும் தெரியும். அதையெல்லாம் தாண்டி 12, 12ஆகவே இருக்கிறது என்றால் அதற்கு ஒருவர் ஏதோ செய்துகொண்டிருந்திருக்கிறார். பதவி உயர்வுக்குக் கடிதம் கொடுப்பார்கள், விசிட்டிங் கார்டு மாறும். தாக்குப்பிடித்ததற்கு யாரும் கடிதம் கொடுப்பதில்லை. அந்த மாதங்களில் டெய்லர்களுக்கு வாரக்கூலி எப்படிக் கொடுத்தார் என்று அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டதில்லை என்றால், உங்கள் இருவரின் வேகத்தையும் இதுவரை ஒரே அளவுகோலில், அதுவும் உங்கள் கம்பெனியின் அளவுகோலில், அளந்துகொண்டிருக்கிறீர்கள். அதே சமயம் அவர் நிஜமாகவே ஓர் இடத்தில் நின்றுபோயிருக்கவும் கூடும். அதையும் நான் மறுக்கவில்லை. கேட்டால்தான் தெரியும்.

சரி, எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன்.

முதலில் எப்போது பேசக் கூடாது என்று சொல்கிறேன். நீங்கள் வேலை முடிந்து வந்த முதல் அரை மணி நேரத்தில் வேண்டாம். சனிக்கிழமை இரவு வேண்டவே வேண்டாம், வாரக்கூலி பட்டுவாடா செய்துவிட்டுக் கையில் என்ன மிஞ்சியது என்ற கணக்கோடு உட்கார்ந்திருப்பார். படுக்கையில் விளக்கை அணைத்த பிறகும் வேண்டாம். ஞாயிறு சாயங்காலம், பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ விளையாட்டிலோ இருக்கும்போது, டீயோடு, நாற்பது நிமிடம் போதும். எதிரெதிரே உட்காராதீர்கள். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காமல் இருக்கும்போது நம் ஊர் ஆண்கள் கூடுதலாகப் பேசுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "உங்களோட கொஞ்சம் பேசணும்" என்று முந்தின நாளே மிரட்டி வைக்கவும் வேண்டாம். "நாளைக்கு நாலு மணிக்கு மாடியில டீ குடிக்கலாங்க, என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று சொன்னால் போதும். "என்னைப் பற்றி" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அவர் இரவெல்லாம் தன் தரப்பு வாதத்தைத் தயார் செய்வார்.

முதல் மூன்று நிமிடத்தைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. சிபில் கரேரும் ஜான் காட்மனும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மணமான 124 தம்பதிகள் ஒரு சச்சரவைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னால் பிரிந்துபோனவர்களுக்கும் சேர்ந்தே இருந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பேச்சின் முதல் மூன்று நிமிடத்திலேயே தெரிந்தது. குற்றச்சாட்டோடு தொடங்கிய பேச்சு நடுவில் திரும்பி நல்ல பேச்சாக மாறுவது அபூர்வம். ஆகவே அந்த மூன்று நிமிடத்துக்கான வார்த்தைகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியபின் "நீங்கள்" என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். "நீங்க எப்பவும்", "நீங்க ஏன்", "உங்களுக்கு" என்று தொடங்குபவை எல்லாம் போகட்டும். மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பேச்சு.

உங்கள் கடிதத்தை வைத்து நான் ஒன்று எழுதிப் பார்த்தேன். உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"என்னங்க, நான் கொஞ்ச வருஷமா மாறிட்டேன். எனக்கே தெரியுது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல தினமும் வந்து உங்ககிட்டதான் எல்லாம் கேப்பேன். இப்ப கேக்கறதில்ல. அது எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. நின்னுபோனதுல எனக்கு வருத்தம் இருக்கு. ஜெர்மனியில இருந்தப்ப ராத்திரி ரூம்ல உக்காந்து, இதை யார்கிட்ட சொல்றதுன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான் தோணுச்சு, ஆனா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இந்த மாற்றத்துல உங்களுக்கு எப்படி இருக்குன்னு நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை."

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் கூட ஆகாது. அப்புறம் நிறுத்துங்கள். மீதி ஒன்றரை நிமிடமும் அமைதியாகவே போகலாம். அந்த அமைதியை நிரப்பாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி, ஏனென்றால் உங்கள் வேலையில் யாராவது பேசாமல் இருந்தால் அடுத்த கேள்வியைப் போட்டு விஷயத்தை வாங்கிப் பழகியிருக்கிறீர்கள்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? சம்பளம், யூனிட், பிள்ளைகள் படிப்பு எதுவும் இல்லை. அவர் மாற வேண்டும் என்ற கோரிக்கையும் இல்லை. முதல் உட்கார்தலில் உங்கள் மாற்றத்தை நீங்கள் அவருக்கு ஒரு செய்தியாகக் கொடுக்கிறீர்கள். வேகமாக மாறியவர்தான் முதலில் இதைச் சொல்ல வேண்டும். மெதுவாக மாறுகிறவர் "நீ மாறிட்ட" என்று சொன்னால் அது புகாராகத்தான் காதில் விழும். மாறியவரே சொன்னால் அது உண்மையை ஒத்துக்கொள்வது ஆகும்.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே வருடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து காதலித்து மணந்தவர்கள். மனைவி துறைத் தேர்வு எழுதி மேலே போனார், கணவர் இரண்டு முறை தோற்றுவிட்டு விட்டுவிட்டார். மனைவிக்கு அடுத்த பதவி உயர்வு வந்தபோது, கணவர் மனம் நோகும் என்று 11 நாள் சொல்லாமல் வைத்திருந்தார். டீக்கடையில் நின்றிருந்த கணவரிடம் வேறொரு பிரிவு ஊழியர் வந்து கை குலுக்கி வாழ்த்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று இரவிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. என்னிடம் வந்தபோது 5 வாரம் ஆகியிருந்தது.

முதல் நாள் மனைவியைப் பேசச் சொன்னேன். "நீங்க ஏன் மறுபடி பரீட்சை எழுத மாட்டேங்கறீங்க?" என்று தொடங்கினார். அக்கறையோடுதான் கேட்டார். கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார், 50 நிமிடமும் ஜன்னலைத்தான் பார்த்தார். நானும் அன்று ஒரு தவறு செய்தேன். அவரைப் பேசவைக்க மேலும் மேலும் கேள்வி கேட்டேன். அவருக்கு எதிரே இப்போது இரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மாற்றினேன். மனைவி தன் உயர்வை ஏன் மறைத்தேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும், கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. அவர் சொன்னார், "சந்தோஷப்பட ஆள் இல்லாம போயிடுமோன்னு பயமா இருந்தது." கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "நீ படிச்ச மூணு வருஷமும் ராத்திரிச் சாப்பாடு நான்தான் செஞ்சேன். பாஸான அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் நன்றி சொன்ன. நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்." மனைவி அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "பதில் சொல்லாதீங்க. அவர் சொன்னதை மட்டும் அவரிடமே திருப்பிச் சொல்லுங்க" என்றேன். "மூணு வருஷம் நீங்க சமைச்சீங்க, நான் உங்க பேரைச் சொல்லல" என்றார். கணவர், "ஆமா, அதான்" என்றார். எங்கள் தொழிலில் நாங்கள் காத்திருப்பது இந்த "ஆமா, அதான்" என்ற வார்த்தைக்குத்தான். அது வரும்வரை உங்கள் பதில், விளக்கம், மன்னிப்பு எதுவும் எதிராளியின் காதில் ஏறாது. உங்கள் வீட்டு மாடியிலும் இதே விதிதான்: அவர் ஏதாவது சொன்னால், அது நியாயமில்லை என்று தோன்றினாலும், முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் "ஆமா" என்ற பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

அந்தக் கணவர் அதன்பின் தேர்வு எழுதவில்லை, இன்றுவரை எழுதவில்லை. அந்தப் பெண் இப்போது அவருக்கு இரண்டு படி மேலே இருக்கிறார். ஆனால் அலுவலகத்தில் எது நடந்தாலும் வேறு யாருக்கும் முன்னால் முதலில் கணவருக்குப் போன் செய்கிறார். அவர்கள் செய்துகொண்ட ஒரே ஏற்பாடு அதுதான். வேகம் சமமாகவில்லை, செய்தி வரும் வரிசை மட்டும் மாறியது.

உங்கள் கணவர் பாதியில் எழுந்து போனால் என்ன செய்வது? போகவிடுங்கள், ஆனால் பின்னாலேயே போகாதீர்கள். ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பதும் மற்றவர் விலகி விலகிப் போவதும் தம்பதி ஆலோசனையில் நாங்கள் மிக அதிகமாகப் பார்க்கிற சுழல். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார். கிறிஸ்டோஃபர் ஹீவியுடன் சேர்ந்து 1990ல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. மனைவி மாற்றம் கேட்கும் விஷயத்தைப் பேசியபோது மனைவி துரத்துவதும் கணவர் விலகுவதும் தெளிவாகத் தெரிந்தது. கணவர் மாற்றம் கேட்கும் விஷயத்தைப் பேசியபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது விலகுவது முழுக்க ஆணின் சுபாவம் இல்லை, பேசுவது யாருடைய விஷயம் என்பதையும் பொறுத்தது. எனவே முதல் ஞாயிறு எவ்வளவு சுமாராகப் போனாலும், முடிக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்: "அடுத்த ஞாயிறு நீங்க சொல்லுங்க. எதைப் பத்தி வேணும்னாலும். நான் கேட்டுக்கறேன்." அவர் தேர்ந்தெடுக்கும் விஷயம் உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் போனைக் கீழே வைக்காதது, அவர் அம்மாவிடம் பேசும் தொனி, எதுவாகவும் இருக்கலாம். அது என்னவாக இருந்தாலும் அன்று அதுதான் விஷயம். உங்கள் விஷயத்தை அதற்குள் நுழைக்காதீர்கள்.

எழுந்து போவதிலும் இரண்டு வகை உண்டு. கோபத்தில் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடக்கப் போகிறவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தலையில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அப்படிப் போனால், "சரிங்க, அரை மணி கழிச்சுப் பேசலாம்" என்று நேரம் சொல்லி விடுங்கள், நேரம் சொல்லாமல் விட்டால் அது பிணக்காக நீளும். இன்னொரு வகை, நிதானமாக எழுந்து, டம்ளரை எடுத்து வைத்துவிட்டுப் போவது. அது பெரும்பாலும் யோசிக்கப் போவது. அவர் பதில் புதன்கிழமை, ஸ்கூட்டரில் போகும்போது, சம்பந்தமில்லாமல் வரும். "அன்னைக்குச் சொன்னியே" என்று தொடங்கினால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது யூனிட்டை மாற்றுவது பற்றி. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர் கேட்காமல் யூனிட்டைப் பற்றி யோசனை சொல்வதை மூன்று மாதம் முழுதாக நிறுத்துங்கள். உங்கள் யோசனை நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் பழைய மாணவி ஆசிரியரின் கடைக்கு வந்து அலமாரியை மாற்றச் சொல்வது போல அது விழும். உங்கள் கம்பெனி வேலை எப்போதாவது அவர் யூனிட்டுக்குப் போனால், அந்த பீஸை நீங்கள் செக் பண்ண வேண்டாம், வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை அவரிடம் கேளுங்கள். அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தெரிந்ததையே கேட்டால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அந்த அவமானம் டிவி சத்தத்தைவிட மோசமானது. நிஜமாகத் தெரியாதது நிறைய இருக்கும். ஒரு டிசைனை டெய்லர்கள் ஏன் வெறுக்கிறார்கள், எந்த மடிப்பில் நேரம் போகிறது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்களைப் போன்ற மெர்ச்சண்டைசர்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், இதெல்லாம் உங்கள் கம்பெனியில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகள் படிப்பு, வெளியுலகம் என்று எழுதியது வேறு வகை. அங்கே அவர் பின்தங்கியிருக்கிறார் என்று நீங்கள் நினைப்பது பல நேரம் வெறும் கருத்து வேறுபாடு. பெரியவனை வெளியூரில் சேர்க்க அவர் தயங்கினால் அது பணப் பயமா, பிள்ளையைப் பிரியும் பயமா, அவனும் உங்களைப் போலத் தாண்டிப் போய்விடுவான் என்ற பயமா என்று கேட்டால்தான் தெரியும். "இந்தக் காலத்துல" என்ற வார்த்தையோடு தொடங்கும் வாக்கியங்களைத் தவிருங்கள். அது ஒருவரைப் போன காலத்தில் நிறுத்திவைக்கிற வார்த்தை. ஒவ்வொன்றையும் தனித்தனி விஷயமாக, தனித்தனி நாளில் பேசுங்கள்.

சரியாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? பெரிய மாற்றத்தைத் தேடாதீர்கள். உங்கள் வேலையைப் பற்றி அவராக ஒரு கேள்வி கேட்டால், அது எவ்வளவு சின்னக் கேள்வியானாலும், வழி திறந்திருக்கிறது. "மேடம்" என்ற வார்த்தை பிள்ளைகள் முன்னால் குறைந்தாலும் அப்படித்தான். ஏழெட்டு ஞாயிறு முயன்றும் ஒவ்வொரு முறையும் எழுந்து போனாலோ, கிண்டல் இகழ்ச்சியாக மாறினாலோ, உங்களுக்கே அவரைப் பார்த்தால் மரியாதை வராமல் வெறும் இரக்கம் மட்டும் வந்தாலோ, தம்பதியாக ஓர் ஆலோசகரிடம் போங்கள். இகழ்ச்சி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அரிக்கும். உங்கள் மூன்று "புரியாது"வும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதனால்தான் தொடக்கத்திலேயே சொன்னேன். அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள், இருவர் ஆடும் சுழலில் ஒருவர் காலை மாற்றினாலே அது கலையும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேறு சிலருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனைவி முன்னேறுவதைப் பிடிக்காமல் சம்பளத்தைப் பிடுங்குவது, வேலையை விடச் சொல்லி மிரட்டுவது, போனைப் பறிப்பது, அடிப்பது எல்லாம் வேகப் பிரச்சினை இல்லை. அங்கே மேலே சொன்ன மாடி டீ உதவாது, ஆபத்தாகவும் முடியலாம். பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். சகோதரி, உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

கடைசியாக, அந்தச் சம்பள உயர்வு. அதை முதல் ஞாயிறுப் பேச்சோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாம் அதற்குப் போட்ட முன்னுரையாகிவிடும். அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் யூனிட்டைப் பூட்டிவிட்டு வந்து கை கால் கழுவிய பிறகு, பிள்ளைகள் இல்லாதபோது, நின்றுகொண்டே சொல்லலாம். "போன மாசம் சம்பளம் ஏத்தினாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தயக்கமா இருந்துச்சு, அது தப்பு. இன்னும் யாருக்கும் சொல்லல." தொகையையும் சொல்லிவிடுங்கள், பாதி சொன்னால் மீதியை அவர் பெரிதாகக் கற்பனை செய்வார். அவர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். அன்றைக்கு அது போதும். உங்கள் அம்மாவுக்கு அடுத்த நாள் போன் செய்து சொல்லுங்கள்.